காற்றூதியும் கரைந்த ஒட்சிசனும்

மழை பிந்திய ஆண்டுகளில், புரட்டாதி மாதத்திலே, குளத்து நீர் வற்றி அடிக்கட்டில் மட்டும் தேங்கி நிற்கும்போது, விடியற்காலையில் அங்கே சென்றவர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மீன்கள் கூட்டங்கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூடும். வெயில் ஏறியதும் அவை கீழே சென்றுவிடும். கண்டாவளையிலும் அயற்கிராமங்களிலும் வளர்ந்த எம்மவர்க்கு இது புதிதன்று. ஆயினும் அதன் காரணத்தை நாம் இளமையில் எண்ணிப் பார்த்ததில்லை.

பகலில் நீர்ப்பாசி ஒட்சிசனை வெளிவிடுகின்றது. இரவில் அப்பாசியும், மீனும், சேற்றிலுள்ள எண்ணற்ற பற்றீரியாக்களும் சேர்ந்து நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. விடியும் வேளையில் இருப்பு ஏறத்தாழத் தீர்ந்துபோகின்றது. காற்றிலே ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் இருந்தும் நீர் அதனை மிகச் சிறிதளவே ஏற்கும். 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லீற்றர் நன்னீர் 11.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்துக்கொள்ளும். வன்னிநிலத்தின் 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமே கொள்ளும். இவ்வெல்லையை நிறைவளவு என்பர்.

இந்த 7.5 என்னும் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். நாம் இங்கு ஆராயப் புகும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்செலவும், அது வெளிவிடும் நீரின் தன்மையும் பெரும்பாலும் இவ்வெண்ணைச் சார்ந்தே நிற்கின்றன.

உயிர்ச்சேறு

நகரக் கழிவுநீரில் உள்ள அழுக்கைப் பற்றீரியாக்கள் உணவாகக் கொள்கின்றன. உண்ணும்போது அவை ஒட்சிசனைச் சுவாசிக்கின்றன. இத்தகைய நீரை அப்படியே ஆற்றில் விட்டால் அவ்விருந்து ஆற்றிலே நடக்கும். ஆற்றின் ஒட்சிசன் தீர்ந்து மீன் மடியும். அவ்விருந்தை ஒரு தொட்டிக்குள்ளே, நாமே காற்றூட்டி, முன்கூட்டி நடத்தி முடிப்பதே சுத்திகரிப்பின் உட்பொருள்.

இம்முறை பிறந்தது இங்கிலாந்தின் மாஞ்செஸ்ரர் நகரில். எட்வேட் ஆடேன், வில்லியம் லொக்கெற் என்னும் இரு இரசாயனவியலார் 1914ஆம் ஆண்டு தமது ஆய்வை வெளியிட்டனர். கழிவுநீரினூடே காற்றைச் செலுத்தித் தூய்மையாக்கப் பல வாரங்கள் சென்றன. ஆனால் அடியிற் படிந்த சேற்றை வீசிவிடாமல் வைத்துக்கொண்டு அதன்மேற் புதிய கழிவுநீரை விட்டபோது, அக்காலம் படிப்படியாகச் சுருங்கி ஒரு நாளுக்குள் அடங்கியது. சேறு என எண்ணியது உண்மையில் உயிருள்ள பற்றீரியாக் கூட்டமேயாகும். அதனால் நாம் அதனை உயிர்ச்சேறு என்போம். இவ்விருவருக்கும் வழிகாட்டியவர் கில்பேட் பவுலர். அவர் 1916இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். ஆகவே இக்கலை நம் பகுதிக்குத் தொடக்கத்திலேயே அறிமுகமானது எனலாம். இன்று சென்னையிற் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள பெருநிலையங்களில் உயிர்ச்சேற்று முறையே நடந்துவருகின்றது.

தொட்டியின் அடித்தளத்தில் நுண்துளையுள்ள தட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். கரையிலுள்ள காற்றூதி அவற்றினூடே காற்றை அழுத்தி அனுப்பும். நிலையத்தில் வேலை செய்வோர் இவ்வியந்திரத்தைப் புளோவர் என்பர். நுண்குமிழிகள் மேலெழும்போது அவற்றின் ஒட்சிசனில் ஒரு பங்கு நீரிற் கரைகின்றது. எஞ்சியது வானிற் போய்விடுகின்றது. இத்தகைய நிலையமொன்றின் மொத்த மின்செலவிற் பாதிக்கு மேற்பட்ட பங்கை இப்புளோவர்களே உண்பது வழக்கம். ஆகையால் எவ்வளவு காற்று வேண்டும் என்பதே நிலையத்தாரின் அன்றாடக் கேள்வி.

இரண்டு மில்லிகிராம் ஏன்?

உயிர்ச்சேறு நீரிலே சிறு சிறு திரள்களாக மிதக்கின்றது. ஒவ்வொரு திரளும் ஒரு சிறு கிராமத்தைப் போன்றது. வெளிவாயிலில் உள்ளோர்க்கு ஒட்சிசன் எளிதிற் கிடைக்கும். உள்ளே இருப்போர்க்கு அது ஊடுருவிச் சென்றே கிடைக்கவேண்டும். நீரில் ஒட்சிசன் லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழே தங்கிவிட்டால் திரளின் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். அந்நிலை பல நாள் நீடித்தால் நூல்போன்ற பற்றீரியாக்கள் பெருகும். அவை திரளுக்கு வெளியே நீண்டு பரந்து ஒட்சிசனைப் பற்றிக்கொள்ள வல்லவை. அவை மலிந்த சேறு பஞ்சுபோற் பருத்து, அடுத்த படிவுத் தொட்டியில் அடியிற் படியாமல், தெளிந்த நீரோடு சேர்ந்து வெளியேறும். அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்களும் ஒட்சிசன் குறைந்தால் முதலிற் சோர்வனவாகும்.

ஆகவே இன்னுங் கூடுதலாகக் காற்றை ஊதினால் என்ன என்று மாணவர் வினவலாம். லீற்றருக்கு 2 மில்லிகிராம் இருந்தால், வழமையான கழிவுநீரில், பற்றீரியாக்கள் தம் வேலையை ஏறத்தாழ முழு வேகத்திற் செய்கின்றன. 4 ஆக்கினால் வேகம் மிகச் சிறிதே கூடும். செலவோ பெரிதும் கூடும். அதன் காரணத்தைக் கீழ்வரும் சமன்பாடு காட்டும்.

R = K × (Cs − C)

R என்பது ஒரு மணி நேரத்தில் நீரிற் கரையும் ஒட்சிசன். Cs என்பது நிறைவளவு. C என்பது தொட்டி நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள அளவு. K என்பது ஊதும் காற்றோடு ஏறத்தாழ ஒத்து உயர்வது. ஒட்சிசனை நீருக்குள் தள்ளும் விசை Cs, C இரண்டுக்கும் உள்ள இடைவெளியே என்பதே இதன் கருத்து. பாதி நிறைந்த குடத்துக்கும் வாய்மட்டம் நிறைந்த குடத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

30 பாகையில் C இரண்டாக இருந்தால் இடைவெளி 5.5. அதனை நான்காக உயர்த்தினால் இடைவெளி 3.5 ஆகச் சுருங்கும். பற்றீரியாக்கள் செலவிடும் ஒட்சிசன் மாறாதிருக்க, அதே அளவைக் கரைக்க K ஐ 5.5 வகுத்தல் 3.5, அதாவது 1.57 மடங்கு ஆக்கவேண்டும். காற்றும் ஏறத்தாழ அம்மடங்கு வேண்டும். 10 பாகையுள்ள குளிர்நாட்டிலோ இதே மாற்றத்துக்கு 9.3 வகுத்தல் 7.3, அதாவது 1.27 மடங்கு போதும். தொட்டியின் ஆழத்தில் நீரழுத்தத்தால் நிறைவளவு சிறிது உயர்வதால் இரு மடங்குகளும் சற்றுக் குறையும். ஆயினும் அவற்றின் ஒழுங்கு மாறாது. வீணாக ஊதும் காற்றுக்கு வெப்பநாட்டார் குளிர்நாட்டாரிலும் கூடிய தண்டம் இறுக்கவேண்டியிருக்கின்றது. குளிர்நாட்டு நூலிலுள்ள விதியைப் படித்து, கொஞ்சம் கூடுதலாக இருந்தாற் பாதகமில்லை என்று இங்கு நடப்பவர் இதனை மறந்தவராவர்.

ஒரு நாட்கணக்கு

இனி ஒரு நிலையத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 கனமீற்றர் கழிவுநீர் வருகின்றது என்க. அழுக்கின் அளவை உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி என்னும் அளவால் அறிவர். அது லீற்றருக்கு 200 மில்லிகிராமாக வந்து 20 ஆகக் குறைந்து வெளியேற வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இலங்கையில் 2008ஆம் ஆண்டு வர்த்தமானி விதித்த எல்லை 30 ஆகும். ஆகவே 20 என்பது சிறு பாதுகாப்போடு கூடிய இலக்கு.

நீக்கவேண்டியது கனமீற்றருக்கு 180 கிராம். நாளுக்கு 1,800 கிலோகிராம். இதற்குக் கிலோகிராமுக்கு ஒரு கிலோகிராம் வீதம் 1,800 கிலோகிராம் ஒட்சிசன் என வைத்துக்கொள்வோம். இன்னும், கனமீற்றருக்கு 30 கிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாக மாறும். நம் வெப்பநிலையில் இம்மாற்றம் வேண்டினும் வேண்டாவிடினும் பெரும்பாலும் நிகழ்வதே. ஒரு கிலோகிராம் நைதரசனுக்கு 4.57 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். 300 கிலோகிராமுக்கு அது 1,370 கிலோகிராம். மொத்தம் ஏறத்தாழ 3,200. மணிக்குச் சராசரி 133 கிலோகிராம்.

ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 கிராம் ஒட்சிசன் உண்டு. ஐந்து மீற்றர் ஆழமுள்ள தொட்டியில், அழுக்கு நீரில், அதில் 12 வீதம் கரைகின்றது என்க. ஒரு கனமீற்றர் காற்று நமக்குத் தருவது 32 கிராம். ஆகவே மணிக்குச் சராசரி 4,100 கனமீற்றர் காற்று வேண்டும். ஆனால் சராசரி என்பது தாளில் மட்டும் உள்ளது. காலையில் ஊரார் எழுந்து நீர் புழங்கிச் சில மணி கழிந்ததும் தேவை 1.6 மடங்காகி 6,600ஐத் தொடும். நள்ளிரவுக்குப் பின் அது பாதியாகி 2,050க்கு இறங்கும். உயர்வுக்கும் தாழ்வுக்கும் மும்மடங்குக்கு மேல் வேறுபாடு.

மணிக்கு 3,400 கனமீற்றர் ஊதும் புளோவர்கள் மூன்று வாங்கினோம் என்க. இரண்டு ஓடும்; ஒன்று பழுதுக்குக் காத்திருக்கும். ஒரு கனமீற்றர் காற்றை ஐந்து மீற்றர் ஆழத்துக்கு அழுத்தி அனுப்ப ஏறத்தாழ 20 வாற்று மணி மின்சாரம் செல்லும். இரண்டையும் கட்டுப்பாடின்றி முழு வேகத்தில் இரவும் பகலும் ஓடவிட்டால் நாளுக்கு 3,260 யூனிற். தேவைக்கேற்ப ஊதினால் 1,970 யூனிற். நாளொன்றுக்கு 1,290 யூனிற் வித்தியாசம். கட்டுப்பாடற்ற நிலையத்தில் நள்ளிரவில் நீரின் ஒட்சிசன் எங்கே நிற்கும்? தேவைக்கு மும்மடங்குக்கு மேல் காற்று ஊதுவதால் இடைவெளி 5.5 இலிருந்து 1.66 ஆகச் சுருங்கும். C ஏறத்தாழ 5.8 ஆகும். வேகக்கட்டுப்பாடு இல்லாத நிலையத்துக்கு நள்ளிரவில் ஒரு கைமானியோடு சென்றால் இத்தகைய எண்ணையே காணலாம்.

கட்டுப்பாட்டின் ஒழுங்கு

தொட்டியில் ஒரு மானி. அது 2க்குக் கீழே காட்டினால் காற்றைக் கூட்டு, மேலே காட்டினாற் குறை. கட்டுப்பாடு இவ்வளவே என்று தோன்றும். அப்படியே மானியை நேரே மோட்டரின் வேகத்தோடு இணைத்தவர் பலர் ஏமாந்தனர். காரணம் காலம்.

நம் தொட்டி எட்டு மணி நேர நீரைக் கொள்வது, 3,300 கனமீற்றர். அதில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் கரைந்துள்ள ஒட்சிசன் மொத்தம் 6.6 கிலோகிராம். பற்றீரியாக்கள் மணிக்கு 133 கிலோகிராம் செலவிடுகின்றன. காற்று நின்றுவிட்டால் கையிருப்பு மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மறுபுறம், காற்றை மாற்றினால் நீரின் ஒட்சிசன் புதிய நிலையை நெருங்க எட்டு நிமிட அளவு செல்லும். இவ்வெட்டு நிமிடம், 133ஐ 5.5 மில்லிகிராம் இடைவெளிக்குரிய 18 கிலோகிராமால் வகுத்துப் பெறும் 7.3 என்னும் எண்ணிலிருந்து வருவது, மணிக்கு 7.3 என்பது எட்டு நிமிடத்துக்கு ஒன்று. மானியின் தாமதமும் இதனோடு சேரும்.

பொறுமையற்ற கட்டுப்பாட்டுக் கருவி இந்த எட்டு நிமிடத்துக்குக் காத்திராது. கூட்டியும் பயன் தெரியவில்லையே என்று மேலும் மேலும் கூட்டும். பயன் வந்து சேரும்போது காற்று மிதமிஞ்சியிருக்கும். பின்பு அவ்வாறே குறைக்கும். நீரின் ஒட்சிசன் 0.5க்கும் 4க்கும் இடையே ஊஞ்சலாடும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஏறி இறங்கும் அலையைப் பதிவுத்தாளிற் கண்டால் அது கழிவுநீரின் மாற்றமன்று, கருவியின் அவசரமே என்று அறியலாம். கழிவுநீரின் மாற்றம் மணிக்கணக்கில் வருவது.

இதற்குக் கைக்கொள்ளும் முறை வேலையை இருவருக்குப் பகிர்வதாகும். ஒருவர் கண்காணியார், மற்றவர் வேலையாள். கண்காணியார் நீரின் ஒட்சிசனை நோக்கி, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, இவ்வளவு காற்று வேண்டும் என்று மட்டும் கூறுவார். வேலையாள் காற்றுமானியைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு காற்று வருமாறு மோட்டரின் வேகத்தைச் சில நொடிகளிற் சரிசெய்வான். காற்றின் வெப்பம், வடியின் அடைப்பு, மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு முதலிய சில்லறைத் தொல்லைகளை வேலையாளே தீர்த்துவிடுவதால் கண்காணியாரின் கணக்கு கலங்குவதில்லை. உட்சுற்று விரைவாகவும் வெளிச்சுற்று மெதுவாகவும் இருத்தல் இதன் உயிர்நாடி. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றோடொன்று மல்லாடும்.

கண்காணியாருக்கு ஓர் எல்லையும் உண்டு. காற்று ஒட்சிசனை மட்டும் தருவதில்லை. சேறு அடியிற் படியாமல் கலக்குவதும் அதுவே. நம் தொட்டியின் பரப்பு 660 சதுரமீற்றர். சதுரமீற்றருக்கு மணிக்கு 2.2 கனமீற்றர் வீதம், 1,450க்குக் கீழே காற்று இறங்கலாகாது. புளோவரின் வேகமும் 45 வீதத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை. அது 1,530 கனமீற்றர். மாரிமழையில் மழைநீர் புகுந்து கழிவுநீர் நீர்த்துப்போன ஓர் இரவில், தேவை 1,230 ஆகக் குறைந்தது என்க. காற்று 1,530இல் நிற்க, நீரின் ஒட்சிசன் 3.1க்கு ஏறும். இது பிழையன்று, ஏறட்டும் என்று விட்டுவிடுதலே முறை.

ஆனால் இங்கேதான் பலர் அறியாத ஒரு பொறி உண்டு. கருவி 2ஐ அடைய விரும்பி, இயலாது என்பதை அறியாமல், குறை குறை என்று தன் கணக்கிற் கழித்துக்கொண்டேயிருக்கும். நான்கு மணி நேரத்தில் அதன் மனக்கணக்கு எல்லைக்கு வெகு கீழே சென்றிருக்கும். காலை ஆறு மணிக்குக் கழிவு பெருகி ஒட்சிசன் விழத் தொடங்கும்போது, அது முதலில் அப்பழைய கடனைத் தீர்த்த பின்னரே காற்றைக் கூட்டத் தொடங்கும். கையிருப்போ மூன்று நிமிடத்துக்குரியது. ஒட்சிசன் 3இலிருந்து சூனியத்துக்கு இறங்கி அரைமணி நேரம் அங்கேயே கிடக்கும். மழைக்காலக் காலைகளில் மட்டும் நிலையம் நாறுகின்றது என்று முறைப்பாடு வந்தால் இதனை முதலிற் பார்க்கவேண்டும். பரிகாரம் எளிது. எல்லையைத் தொட்டதும் கணக்கையும் அங்கேயே நிறுத்துமாறு கருவிக்குக் கட்டளையிட வேண்டும்.

புளோவரின் இனத்தையும் அறிந்திருத்தல் நன்று. இரு சுழலிகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுற்றும் ரூட்ஸ் வகையில் காற்றின் அளவு வேகத்தோடு ஒத்துச் செல்லும். அதன் வாயிலை வால்வால் மூடிக் காற்றைக் குறைக்க முயல்வது பெரும்பிழை. காற்றுக் குறையாது, அழுத்தமும் வெப்பமுமே ஏறும். விசிறிச்சக்கரம் சுழலும் மையநீக்க வகையிலோ காற்றை ஓரளவுக்கு மேற் குறைத்தால் அழுத்தப்பட்ட காற்று திரும்பிப் பாய்ந்து இயந்திரம் இருமுவதுபோல் உறுமி அதிரும். அவ்வெல்லைக்கு முன்னரே கருவியை நிறுத்துதல் வேண்டும்.

பொய் கூறும் மானி

மேலே கூறிய அனைத்தும் மானி உண்மை கூறும் என்னும் நம்பிக்கையில் நிற்கின்றன. நீரின் ஒட்சிசனை அளக்கும் முறையை ஹங்கேரியரான விங்க்ளர் 1888இல் வகுத்தார். மங்கனீசு உப்பும், காரங்கலந்த அயடைட்டும், சல்பூரிக்கமிலமும், தயோசல்பேற்றும், மாப்பொருளும் கொண்டு செய்யும் அந்த நியமிப்பைக் கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவர் செய்யலாம். ஆனால் அது குப்பிக்கணக்கு. இடைவிடாது அளக்க உதவாது. 1956இல் அமெரிக்கரான லேலண்ட் கிளாக் மென்சவ்வால் மூடிய மின்வாயை வெளியிட்ட பின்னரே தொட்டியில் மானியை இறக்கிக் காற்றை ஆளும் வழி பிறந்தது. இன்று ஒளியை உமிழும் ஒரு பூச்சின் மங்கலைக்கொண்டு அளக்கும் மானிகள் பெரிதும் வழக்கில் உள்ளன. அவை சவ்வு மானியிலும் நீடித்து உழைப்பன. எனினும் இரண்டுக்கும் பகைவன் ஒருவனே: வழுவழுப்பான சேற்றுப் படலம்.

பற்றீரியாக்கள் மானியின் முகத்திலேயே குடியேறி, அதனை அடையும் ஒட்சிசனை வழியிலேயே உண்டுவிடுகின்றன. மானி குறைத்துக் காட்டும். இப்பொழுது நிகழ்வதைக் கூர்ந்து நோக்குக. நீரில் 2 இருக்க, மானி 1 என்கின்றது. கருவி காற்றைக் கூட்டுகின்றது. நீரின் ஒட்சிசன் 3 ஆகும்போது மானி 2 என்று கூறும், கருவி திருப்தியடையும். பதிவுத்தாளில் 2 என்னும் நேர்கோடு அழகாக ஓடிக்கொண்டிருக்கும். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பாராட்டிச் செல்வார். உண்மையில் இடைவெளி 5.5 இலிருந்து 4.5 ஆகச் சுருங்கியதால் காற்று 22 வீதம் கூடி, 4,100இலிருந்து 5,000க்கு ஏறியிருக்கும். நாளுக்கு 430 யூனிற் மின்சாரம் ஒருவர் கண்ணிலும் படாமற் கழியும்.

இக்கட்டுரையின் சாரம் இதுவே: நன்கு இயங்கும் கட்டுப்பாடு தன் மானியின் பொய்யை மறைத்துவிடும். மானியின் எண் ஒருநாளும் மாறாது; ஏனெனில் அதனை மாறாமல் வைத்திருப்பதே கருவியின் தொழில். பொய் வெளிப்படுவது காற்றின் கணக்கிலே. ஆகவே ஒட்சிசனை அல்ல, ஊதிய காற்றையே நாளாந்தம் குறித்துவைத்தல் வேண்டும். வரும் கழிவு மாறாதிருக்க, காற்று வாரத்துக்கு வாரம் மெல்ல ஏறுமாயின் இரண்டிலொன்று நிகழ்கின்றது: மானியில் படலம் ஏறியிருக்கும், அல்லது அடித்தட்டின் நுண்துளைகள் அடைபட்டிருக்கும். வடியின் அழுத்தமும் உடன் ஏறினால் துளையடைப்பு; அழுத்தம் ஏறத்தாழ நிலைத்திருந்தால் மானியையே ஐயுறவேண்டும்.

மானியைக் கழுவுமுன் அதன் எண்ணைக் குறிக்க. மென்துணியாற் கழுவி மீண்டும் அதே இடத்தில் இறக்கிச் சில நிமிடம் பொறுத்துப் புதிய எண்ணைக் குறிக்க. இரண்டும் 0.2க்கு மேல் வேறுபட்டால் கழுவும் இடைவெளி நீண்டுவிட்டது என்று பொருள். வெப்பநாட்டில் அது வாரத்துக்கு ஒருமுறையாகவும் இருக்கலாம். கழுவியபின் ஈரமுகத்தோடு காற்றில் நிழலில் தூக்கிப் பிடித்தால், 30 பாகையில், அது 7.5ஐ அண்மித்துக் காட்டவேண்டும். கழுவும் அவ்வேளையில் காற்றைக் கருவியின் கையிலிருந்து எடுத்து நிலையான அளவில் நிறுத்த மறத்தலாகாது. மறந்தால், காற்றில் நிற்கும் மானி 7.5 என்று சொல்ல, கருவி புளோவரை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும்.

எதிர்த்திசைப் பொய்யும் ஒன்றுண்டு. அது அரிதாயினும் கொடிது. மானியின் முகத்தில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் அது மிகைத்துக் காட்டும். கருவி காற்றைக் குறைக்கும். சேறு கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் எழும். மானியின் முகத்தைக் கீழ்நோக்கிச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாகப் பொருத்துவது குமிழ் வழுவிச் செல்லவே. மானி முற்றாக இறந்து ஒரே எண்ணிற் சிக்கிக்கொள்வதும் உண்டு. தொட்டி நீரில் ஒட்சிசன் ஒருகாலும் அசையாமல் நிற்பதில்லை. கோடு நூல்பிடித்ததுபோல் நேரானால் ஐயுறுக. காற்றைப் பத்து வீதம் கூட்டி இருபது நிமிடம் பொறுத்துப் பார்க்க. எண் அசையாவிட்டால் மானிக்கு உயிரில்லை.

விங்க்ளர் முறையால் தொட்டிநீரைச் சோதிக்க விரும்பும் மாணவர் ஒன்றை அறிதல் வேண்டும். குப்பியில் எடுத்த பின்னும் பற்றீரியாக்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கும். எம் கணக்குத் தொட்டியின் நீராயின் மூன்று நிமிடத்தில் இரண்டும் சூனியமாகிவிடும். ஆதலின் செப்புச் சல்பேற்றும் சல்பாமிக்கமிலமும் சேர்த்து அவற்றை அக்கணமே அடக்குவர். குளத்து நீருக்கு இது வேண்டியதில்லை.

எல்லை

இக்கட்டுப்பாடு செய்ய இயலாத ஒன்றையும் கூறி முடிப்போம். ஒட்சிசன் 2 என்பது நீர் தூய்மையாயிற்று என்பதற்குச் சான்றன்று. பற்றீரியாக்களுக்கு மூச்சுத் திணறவில்லை என்பதற்கே சான்று. சேறு குறைந்துபோயிருந்தாலும், நஞ்சு கலந்து பற்றீரியாக்கள் மடிந்தாலும், ஒட்சிசன் 2இல் நிற்கும். உண்பார் இன்மையால் மிகக் குறைந்த காற்றிலேயே நிற்கும். காற்று திடீரெனப் பாதியாகி, வரும் கழிவு குறையாதிருந்தால், மின்சாரம் மிஞ்சியதென்று மகிழாமல் வெளியேறும் நீரின் அமோனியாவை உடனே அளக்கவேண்டும். சுவீடனின் குஸ்தாவ் ஓல்சனும் அமெரிக்காவின் ஜோன் அன்ட்ரூசும் 1978இல் காட்டியதும் இதனோடு ஒத்ததே. நீண்ட தொட்டியில் ஒரே இடத்தின் எண்ணை மட்டும் நோக்காமல், தொட்டியின் நீளம் முழுவதும் ஒட்சிசன் எவ்வாறு ஏறுகின்றது, எந்த இடத்தில் அது சட்டென்று உயர்கின்றது என்று பார்த்தால், உணவு எங்கே தீர்ந்தது என்பதை அறியலாம். அவ்வுயர்வு வெளிவாயிலுக்கு முன்னரே வந்துவிட்டால் வேலை முடிந்தது. வாயில்வரை வராவிட்டால் முடியவில்லை.

எம் ஊர்களில் இன்னும் வீட்டுக்கு வீடு மலக்குழிகளே உள்ளன. கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து, எம் வயல்களின் அயலாக ஓடிச் சுண்டிக்குளத்துக் களப்பிற் கலக்கின்றது. நகரம் வளர்ந்து, ஒருநாள் அதன் கரையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் எழுமாயின், அங்கே பணிபுரியப்போகின்றவர் இக்கல்லூரியின் மாணவராகவும் இருக்கலாம். அவர் தம் நாட்குறிப்பில் மூன்று நிரல்கள் வரைவாராக: வந்த கழிவு, ஊதிய காற்று, கழுவுமுன்னும் கழுவியபின்னும் மானி காட்டிய எண். அம்மூன்றையும் ஒப்புநோக்கத் தெரிந்தவர்க்கு, விடியற்காலையில் ஆற்று மீன்கள் மேலே வந்து வாய்பிளக்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இராது.